எண் மாறிப் போன பணமும், மூடிவைக்கப்பட்ட புகாரும்: என் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

என் வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் பிரிவிலிருந்து எனக்கு வந்த பதில் நான்கே வரி. "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது. பயனாளியின் விவரங்கள் வாடிக்கையாளராலேயே உள்ளிடப்பட்டவை. பயனாளியைத் தொடர்புகொண்டு தொகையைப் பெற்றுக்கொள்ளவும். புகார் முடித்துவைக்கப்பட்டது." இந்த நான்கு வரிகளுக்குத்தான் இந்த மடல்.

முதல் இரண்டு வரிகளில் எனக்கு மறுப்பு இல்லை. தப்பு என்னுடையதுதான். வீட்டுச் சுற்றுச்சுவர் வேலை செய்யும் கொத்தனாருக்கு ரூ.23,500 அனுப்ப வேண்டியிருந்தது. அவர் போனில் கைப்பேசி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் ஆப்பில் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி இரண்டு இலக்கத்தை அவர் "எழுபத்திரண்டு" என்றார், என் விரல் 27 என்று போட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இலக்கம் புரண்டு போவதைப் பற்றி மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன், என்ன செய்ய.

ஆனால் மூன்றாவது வரியும் நான்காவது வரியும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று யோசித்தீர்களா? பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள். அது யாருடைய கணக்கு, எந்த வங்கி, எந்தக் கிளை என்பதைக் கண்டுபிடிக்கும் வழி இருப்பதும் உங்களிடம். எனக்குத் தெரிந்தது ஒரு பத்து இலக்க எண்ணும் ஒரு பெயரும் மட்டும். "நீயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேட்கும் வழியை உங்கள் பக்கம் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் அதிலேயே வந்துவிடும். உங்கள் ஆப்பின் உதவிப் பக்கத்தில் இதில் பாதி எழுதியிருந்தால்கூட எனக்கு அந்த ராத்திரி தூக்கம் போயிருக்காது.

அன்று மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. வங்கி விடுமுறை. மாலை 7.42-க்குப் பணம் போனது. பச்சை டிக் வந்தது. 7.49-க்குக் கொத்தனார் கூப்பிட்டார். "அம்மா, இன்னும் வரலையே." நெட்வொர்க் மெதுவாக இருக்கும் என்றேன். இந்த ஏழு நிமிடத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் போவதுதான். அவர் மறுபடி கூப்பிட்டபோதுதான் எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். கடைசியில் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

முதலில் பார்க்க வேண்டியது பரிவர்த்தனையின் நிலை. நல்லவேளை, அதைப் பார்க்க எனக்குத் தோன்றியது. ஆப்பில் அது நிலுவை என்று காட்டினால் கதையே வேறு. கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு அந்தப் பக்கம் போய்ச் சேராத பணம் தானாகத் திரும்ப வேண்டும். யுபிஐ மூலம் ஒருவருக்கொருவர் அனுப்பும் பணம் என்றால் மறுநாளுக்குள் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அப்போது செய்யக்கூடாத ஒரே காரியம், பதறிப்போய் இன்னொரு தடவை அனுப்புவது. ஆனால் எனக்குக் காட்டியது "வெற்றி". வெற்றி என்று வந்துவிட்டால் அந்தச் சுற்றறிக்கை உதவாது. எந்திரத்தைப் பொறுத்தவரை எந்தக் கோளாறும் இல்லை, சொன்ன இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறுத்தவோ ரத்துசெய்யவோ பொத்தான் கிடையாது. அடுத்தவர் கணக்கில் வரவாகிவிட்ட பணத்தை அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் எடுத்துவிட முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. அப்படி எடுக்க முடிந்தால் நாளைக்கு என் கணக்கிலிருந்தும் எவரோ "தெரியாமல் அனுப்பிவிட்டேன்" என்று எடுத்துவிடுவார்கள். ஆகவே எனக்கு வேண்டியது அந்தச் சம்மதம். அதைக் கேட்டு வாங்கும் வழிதான் உங்களிடம் இல்லை.

7.56-க்கு நான் அந்த எண்ணையே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுத்தது ஒரு பையன் குரல். "தம்பி, உங்க நம்பருக்குத் தெரியாம பணம் அனுப்பிட்டேன், கொஞ்சம் திருப்பி அனுப்ப முடியுமா?" என்றேன். லைன் கட்டாயிற்று. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை நேராக "பிஸி". என்னைத் தடுத்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் உறைத்தது. நான் சொன்ன வாக்கியம், அட்சரம் பிசகாமல், மோசடிக்காரர்கள் சொல்லும் வாக்கியம். பணம் வந்தது போலப் போலியாக ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்கள், அப்புறம் அழாத குறையாகக் கூப்பிட்டு "தெரியாம அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க" என்பார்கள். நம்பி அனுப்பினால் போவது சொந்தப் பணம். இப்படி வந்தால் நம்பாதீர்கள் என்று நீங்களே மாதம் ஒரு எச்சரிக்கை அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதே நீங்கள் "பயனாளியைத் தொடர்புகொள்ளவும்" என்று எனக்கு எழுதுகிறீர்கள். யார் கூப்பிட்டால் போனை வைத்துவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்களோ, அந்த ஆளாகவே என்னைப் போய் நிற்கச் சொல்கிறீர்கள்.

8.03-க்கு உங்கள் கஸ்டமர் கேர். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்தில் இணையத்தில் "கஸ்டமர் கேர் எண்" என்று தேடப் போனேன். என் மகள்தான் கையைப் பிடித்தாள். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் போலி எண்களும் இருக்கும். பணம் போன பதற்றத்தில் இருப்பவர்தான் அவர்களுக்கு வேண்டிய இரை. "ரீஃபண்ட் போடுகிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள், திரையைப் பகிருங்கள்" என்று போனதற்கு மேல் பத்து மடங்கு எடுத்துவிடுவார்கள். டெபிட் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் போட வேண்டும் என்றாள். போட்டேன்.

உங்கள் குரல் பட்டியலில் கார்டு தொலைந்தால் ஒரு எண், கடன் வேண்டுமென்றால் ஒரு எண், மோசடி நடந்தால் ஒரு எண். எண் மாற்றி அனுப்பியவருக்கு எதுவுமில்லை. பதினான்கு நிமிடம் காத்திருந்தேன். பேசிய பெண் பணிவாகவே பேசினார். அவர் மேல் எனக்குக் குறையில்லை, அவர் கையில் நீங்கள் கொடுத்திருப்பது அவ்வளவுதான். "மேடம், ட்ரான்சாக்‌ஷன் சக்சஸ்னு காட்டுது. திங்கட்கிழமை கிளைக்குப் போங்க" என்றார். அதுவரை அந்தக் கணக்கின் வங்கிக்கு ஒரு தகவலாவது போகுமா என்றேன். முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சீக்கிரம் நடக்கணும்னா 1930-க்குப் போட்டு மோசடின்னு சொல்லுங்க மேடம், அவங்க அக்கவுண்ட்டை முடக்கிடுவாங்க" என்றார்.

1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். மோசடி நடந்திருந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் கூப்பிட வேண்டியது அதைத்தான், அதில் இரண்டு பேச்சில்லை. என்னை ஏமாற்றி எவரும் அனுப்ப வைத்திருந்தால் நானே போட்டிருப்பேன். ஆனால் இங்கே யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானே தட்டினேன், நானே பின் எண் போட்டேன். அதை மோசடி என்று சொன்னால் அது பொய்ப் புகார். அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் கணக்கு முடங்கியிருக்கும். அவர்கள் செய்த குற்றம், பணம் வந்து விழுந்தது மட்டும். வேறு வழி நீங்கள் வைக்காததால் உங்கள் ஊழியரே ஒரு வாடிக்கையாளரைப் பொய் சொல்லத் தூண்டுகிறார். இது உங்களுக்குத் தெரியுமா?

8.25-க்கு ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் எழுதப் போனேன். "பணம் கழிந்தது, சேரவில்லை", "கடைக்காரர் மறுக்கிறார்", "நான் செய்யாத பரிவர்த்தனை" என்று தலைப்புகள். என்னுடையது எதிலும் அடங்கவில்லை. "மற்றவை" என்பதில் 100 எழுத்துக்குள் எழுதச் சொன்னது. எழுதினேன். அது போதாது என்று 8.40-க்கு உங்கள் குறைதீர் மின்னஞ்சலுக்கும் விவரமாக அனுப்பினேன். இதைத்தான் அன்று நான் செய்த உருப்படியான காரியம் என்று சொல்வேன். நேரத்தோடு, எழுத்தில், புகார் எண்ணோடு ஒரு பதிவு உண்டானது. போனில் பேசியதற்கு எந்தத் தடயமும் இல்லை.

அந்த மின்னஞ்சலில் நான் முதலில் தப்பாக எழுதிய ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆப் காட்டும் ரசீதில் இரண்டு எண்கள் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பது அந்த ஆப் தனக்காக வைத்துக்கொள்ளும் எண். வங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியது 12 இலக்கம் கொண்ட UTR எண். நான் நீளமானதைத்தான் பெரிய எண் என்று நினைத்து அனுப்பினேன். திங்கட்கிழமை கிளையில் அதை வைத்துத் தேடி, "அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லையே" என்றார்கள். ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டையே சேர்த்து அனுப்பிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

கடைசியாக 8.50-க்கு அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி. இதை மகள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "வணக்கம். இன்று மாலை 7.42-க்கு வேறொருவருக்கு அனுப்ப வேண்டிய ரூ.23,500 எண்ணில் இலக்கம் மாறி உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது. நீங்கள் எந்த லிங்கையும் தொட வேண்டாம், ஓடிபி எதுவும் யாரிடமும் சொல்ல வேண்டாம், எனக்கு நேரடியாக அனுப்பவும் வேண்டாம். உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் இந்த வரவைக் காட்டி, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். என் வங்கியிலும் புகார் பதிவு செய்திருக்கிறேன்." மோசடிக்காரன் சொல்லவே மாட்டாத வாக்கியங்கள் இதில் இருக்கின்றன, அதுதான் முக்கியம் என்றாள். மிரட்டல் எதுவும் வைக்கவில்லை. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்தவர் பணம் என்று தெரிந்தே நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் குற்றம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருப்பது நமக்குத் தெம்பு. ஆனால் பயந்துபோய் இருப்பவருக்கு அதை முதல் செய்தியிலேயே அனுப்பினால் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும்.

முன்பெல்லாம் ஆப்பிலேயே "இவ்வளவு கொடுங்கள்" என்று கோரிக்கை அனுப்ப முடிந்தது. அதை வைத்து மோசடி பெருகியதால் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் நியாயமாகக் கேட்பவருக்கும் அந்தக் கதவு மூடியது. பதிலுக்கு வேறொன்றைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை உங்கள் கிளையில் என்னை வேறொரு வங்கிக்கு அனுப்பினார்கள். பணம் போய்ச் சேர்ந்தது ஒரு பெண்மணியின் கணக்குக்கு. ரசீதில் அவருடைய யுபிஐ முகவரி இருந்தது, அதில் @ குறிக்குப் பின்னால் ஒரு வங்கியை நினைவூட்டும் எழுத்துகள். "அந்த வங்கியில் போய்க் கேளுங்கள்" என்றார்கள். வெயிலில் போனேன். அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவருக்கு எங்களிடம் கணக்கே இல்லை என்றார்கள். @-க்குப் பின்னால் வருவது அவர் வைத்திருக்கும் ஆப்போடு கூட்டுச் சேர்ந்திருக்கும் வங்கியின் அடையாளம், பணம் போய் விழுந்த கணக்கு வேறு எந்த வங்கியிலும் இருக்கலாம் என்பதை அங்கிருந்த ஓர் இளைஞர்தான் எனக்கு விளக்கினார். பணம் எந்த வங்கிக்குப் போனது என்பது UTR எண்ணை வைத்து உங்களுக்குத் தெரியும். என்னை அலைய விட்டிருக்க வேண்டாம்.

புதன்கிழமை உங்கள் நான்கு வரி வந்தது. வியாழக்கிழமை நான் மறுபடி கிளைக்குப் போய்க் கையால் எழுதிய கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உங்கள் மேல்மட்டத்திலிருந்து அந்தப் பெண்மணியின் வங்கிக்கு ஒரு கோரிக்கை போயிருக்கிறது. பதினைந்தாம் நாள் அவருடைய கிளையிலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பதாம் நாள் என் கணக்குக்குப் பணம் வந்துவிட்டது.

அன்று மாலை அவரே என்னைக் கூப்பிட்டார். வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். "உங்க மெசேஜ் அன்னிக்கே பார்த்தேன்மா. பையன் தொடாதே, ஏமாத்துவாங்கன்னு சொல்லிட்டான். அந்தப் பணத்தை எடுக்கவும் பயம், வச்சிருக்கவும் பயம். பேங்க்லேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே கொடுத்திருப்பேன்" என்றார். பத்தொன்பது நாள் எனக்குப் போன தூக்கத்தைவிட அவருக்கு அதிகம் போயிருக்கிறது. என் பணம் திரும்பி வந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கு. உங்களுக்கு இல்லை.

இனி, "பெயர் காட்டினோமே, பார்த்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். கிளையிலும் கேட்டார்கள். ஆமாம், பின் எண் போடுவதற்கு முன் ஒரு பெயர் வந்தது. வாடிக்கையாளர் தன் போனில் பதிந்துவைத்த பெயரைக் காட்டக் கூடாது, வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30-ஐக் கெடுவாக வைத்து, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ ஆணையிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் எனக்கு வந்தது ஒரு பெண்ணின் பெயர். கொத்தனாரின் மனைவி பெயர் எனக்குத் தெரியாது. கூலி வேலை செய்பவர்கள் பலர் மனைவி கணக்கிலோ மகன் கணக்கிலோதான் பணம் வாங்குகிறார்கள். மனைவி கணக்காக இருக்கும் என்று நினைத்து அழுத்திவிட்டேன். பெயர் காட்டுவது, அந்தப் பெயர் என்னவாக இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் உதவும். எனக்கு அன்று உதவியிருக்கக்கூடியது வேறொன்று.

வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு அனுப்பும்போது உங்கள் ஆப் அந்த எண்ணை இரண்டு முறை கேட்கிறது. கூடவே கிளைக் குறியீடும் கேட்கிறது. போன் எண்ணை ஒரே ஒரு முறைதான் கேட்கிறது. நியாயப்படி இது தலைகீழாக இருக்க வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். அடுத்தடுத்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினால் அந்த எண் செல்லாது என்று எந்திரமே சொல்லிவிடும். கார்டு எண்ணிலும் அப்படி ஒன்று உண்டு. கைப்பேசி எண்ணில் அது கிடையாது. எந்த இலக்கத்தை எப்படி மாற்றினாலும் அது இன்னொருவருடைய எண்ணாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அந்த இன்னொருவர் யுபிஐயில் இருக்கும் வாய்ப்பும் இப்போது அதிகம். ஆகத் தப்பு நடந்தால் பணம் திரும்பி வராமல் போய் உட்கார்ந்துகொள்ளும் எண் இதுதான். இதற்குத்தான் நீங்கள் ஒரு முறையோடு விட்டிருக்கிறீர்கள். "முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்" என்று உங்கள் கிளையில் எனக்கு உபதேசம் செய்தார்கள். ஒரு ரூபாயும் பச்சை டிக்கோடுதான் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் போனில் "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் அதற்குப் பொருள். இனிமேல் நான் அப்படித்தான் செய்கிறேன், ஆனால் அது உங்கள் வேலையை நான் செய்வது.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒன்று. ஆப்பிலும் குரல் பட்டியலிலும் "எண் மாற்றி அனுப்பிவிட்டேன்" என்று தனியாக ஒரு தலைப்பு வையுங்கள். விடுமுறை நாளிலும் இரவிலும் அது வேலை செய்ய வேண்டும். அதை அழுத்தியதும் UTR எண்ணை நீங்களே எடுத்துக்கொண்டு, புகார் எண் கொடுத்து, பெறுநரின் வங்கிக்கு அன்றே கோரிக்கை அனுப்ப வேண்டும். சனிக்கிழமை இரவு பணம் போக முடிகிறதென்றால் சனிக்கிழமை இரவு ஒரு தகவலும் போக முடியும்.

இரண்டு. இதேபோல் வேறு வங்கியிலிருந்து உங்கள் வாடிக்கையாளருக்குத் தவறிப் பணம் வந்து, அந்த வங்கி உங்களைக் கேட்டால், உங்கள் ஆப்பிலேயே அவருக்கு ஓர் அறிவிப்பு காட்டுங்கள்: இந்த வரவு தவறுதலாக வந்ததாக அனுப்பியவரின் வங்கி சொல்கிறது, திருப்பி அனுப்பச் சம்மதமா என்று. சம்மதித்தால் பணம் வந்த கணக்குக்கே போக வேண்டும், வேறு எந்த எண்ணுக்கும் போகக் கூடாது. அந்தப் பெண்மணி கேட்ட "ஒரு வார்த்தை" இதுதான். மற்ற வங்கிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று என்பிசிஐயிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று. இதுவரை அனுப்பியிராத ஒரு போன் எண்ணுக்குப் பெரிய தொகை அனுப்பும்போது, எண்ணை இரண்டாவது முறை தட்டச் சொல்லுங்கள். ஒட்ட விடாதீர்கள், தட்டவே வேண்டும். பத்து நொடி கூடுதலாகும், ஆகட்டும்.

நான்கு. "பரிவர்த்தனை வெற்றி" என்ற காரணத்துக்காக இந்த வகைப் புகாரை மூடாதீர்கள். பெறுநரிடம் கேட்டீர்களா, எந்தத் தேதியில் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், இந்த மூன்றும் இல்லாத பதில் பதிலே இல்லை. அவர் மறுத்துவிட்டால் அதையும் எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக எங்களுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

ஐந்து. மோசடி இல்லாததை மோசடி என்று 1930-க்குச் சொல்லும்படி யோசனை சொல்லக் கூடாது என்று உங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். @-க்குப் பின்னால் இருப்பதை வைத்து ஆட்களை வேறு வங்கிக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலையும் என் பழைய புகார் எண்ணையும் சேர்த்து உங்கள் குறைதீர் பிரிவில் புதிய புகாராகவே பதிந்திருக்கிறேன். வங்கி 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்று எனக்குத் தெரியும். ஐந்தில் எவற்றைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நான்கு வரியில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை